வகுத்ததைப் பெருக்கிப் பார், பெருக்கியதை வகுத்துப் பார்: பிள்ளையின் கணக்கு நோட்டைத் திருத்தும் முறை

போன வருடம் ஒரு ராத்திரி, நாலாம் வகுப்பு படிக்கும் மகள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். 598 ÷ 7 என்று ஒரு கணக்கு. ஈவு 85, மீதி 3 என்று எழுதியிருந்தாள். நான் அடுப்படியில் நின்றபடியே போனை எடுத்துத் தட்டினேன். 85.428571 என்று வந்தது. புள்ளிக்குப் பிறகு முதலில் 4 இருந்தது கண்ணில் பட்டதும், "மீதி 3 இல்லம்மா, 4 வரணும் போல. திரும்பப் போடு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் ரப்பரால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். பத்து நிமிடம் கழித்து வந்தாள். ஈவு 88, மீதி 4. "நீ சொன்ன மாதிரியே 4 வந்துருச்சுப்பா. பெருக்கியும் பார்த்துட்டேன், சரியா இருக்கு."

முதலில் அவள் போட்டதுதான் சரி. அதைத் தப்பு என்று சொன்னவன் நான். தப்பான இரண்டாவது விடை, அவள் பெருக்கிப் பார்த்தபோது சரியாக வந்திருக்கிறது. ஒரே கணக்கில் இத்தனை குளறுபடி எப்படி நடந்தது என்பது புரிந்தால், வகுத்தல், பெருக்கல் வீட்டுப்பாடத்தைத் திருத்துவதில் முக்கால்வாசி கைவந்துவிடும். அதனால் இந்தக் கணக்கைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம்.

முதலில் போனைக் கீழே வையுங்கள்

போனில் வகுத்தால் தசமப் புள்ளியோடுதான் விடை வரும். 85.428571 என்பதில் 85 ஈவுதான். ஆனால் .428571 என்பது மீதி இல்லை, மீதியை 7ஆல் வகுத்தால் வருவது. 3 ÷ 7 போட்டுப் பாருங்கள், 0.428571 வரும். எப்படியும் போனில்தான் பார்க்கவேண்டும் என்றால் முழு எண்ணைக் கழித்துவிட்டு மிச்சத்தை 7ஆல் பெருக்குங்கள். 0.428571 × 7 = 2.999997 என்று காட்டும், அதாவது 3.

இவ்வளவு சுற்ற வேண்டிய அவசியமே கிடையாது. வகுத்தல் கணக்கைச் சரிபார்க்க மறுபடி வகுக்க வேண்டாம், பெருக்கினால் போதும். 598 கோலிகளை ஏழேழாகப் பைகளில் போட்டோம். 85 பைகள் நிறைந்தன, 3 கோலிகள் மிஞ்சின. எண்ணியது சரியா என்று பார்க்க எல்லாப் பைகளையும் திரும்பக் கொட்டினால் ஆயிற்று. 85 பைகளில் 7 வீதம் 595. கையில் மிஞ்சிய 3ஐச் சேர்த்தால் 598. எங்கே தொடங்கினோமோ அங்கேயே வந்து சேர்ந்தோம்.

பாடப்புத்தகத்தில் இது இப்படி இருக்கும்:

```
வகுபடும் எண் = (வகுக்கும் எண் × ஈவு) + மீதி
598 = (7 × 85) + 3
```

சூத்திரத்தை முதலில் சொல்லாதீர்கள். பைகளைத் திரும்பக் கொட்டுவது பிள்ளைக்குப் புரிந்த பிறகு சொன்னால் தானாக ஒட்டிக்கொள்ளும். என் மகளுக்கு மீதியை ஏன் கூட்ட வேண்டும் என்பதுதான் வெகுநாள் பிடிபடவில்லை. "பைக்குள்ள போகாத கோலியும் நம்ம கோலிதானே" என்று சொன்ன பிறகுதான் அது தெளிவானது.

செய்யும் வரிசை

நோட்டைக் கையில் எடுத்ததும் பெருக்க ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்து, கணக்கு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 576 ÷ 4 என்பதை 567 ÷ 4 என்று எழுதிவிட்டால் விடை 141, மீதி 3 என்று வரும். பெருக்கிப் பார்த்தால் 141 × 4 = 564, அதோடு 3, மொத்தம் 567. நோட்டைப் பொறுத்தவரை எல்லாம் பொருந்தும். ஆனால் புத்தகம் கேட்டது 576, விடை 144. பெருக்கிப் பார்ப்பது நோட்டில் எழுதிய எண்ணுக்குத்தான் சாட்சி, புத்தகத்துக்கு இல்லை. அதனால் கடைசியில் வரும் எண்ணை எப்போதும் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இங்கே 576க்கும் 567க்கும் வித்தியாசம் 9. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும். புத்தகத்தோடு ஒப்பிடும்போது 9, 27, 90 என்று வித்தியாசம் வந்தால் பார்த்து எழுதியதில்தான் சந்தேகம் வர வேண்டும்.

இரண்டாவதாக மீதியைப் பாருங்கள். அது வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். பெருக்கிப் பார்ப்பதால் பிடிபடாத தவறு இது, அதனால்தான் முன்னாலேயே சொல்கிறேன். 437 ÷ 6 கணக்கில் பிள்ளை ஈவு 71, மீதி 11 என்று எழுதியிருந்தால்? 71 × 6 = 426, கூட 11, மொத்தம் 437. அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் விடை தவறு. ஆறு பிள்ளைகளுக்கு லட்டுப் பங்கிடும்போது 11 லட்டு மிஞ்சியிருந்தால் ஆளுக்கு இன்னொன்று கொடுக்கலாமே? கொடுத்தால் ஈவு 72, மீதி 5. கணக்கு பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். மீதி 6ஆகவே இருந்தாலும் இதே கதைதான், இன்னொரு சுற்று பாக்கி.

இந்த இரண்டும் சரி என்றால் பெருக்கலாம். ஈவை மேலே எழுதி, வகுக்கும் எண்ணை அதன் கீழே எழுதிப் பெருக்கி, கடைசியில் மீதியைக் கூட்டச் சொல்லுங்கள். கணக்குக்குப் பக்கத்திலேயே பென்சிலால் போடட்டும். ரஃப் நோட்டில் போட்டுவிட்டு விடையை மட்டும் காட்டினால், தவறு நடந்திருக்கும்போது தடயம் கிடைக்காது. ரப்பரையும் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் மகள் முதல் முயற்சியை அழிக்காமல் இருந்திருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே நான் என் தவறைக் கண்டுபிடித்திருப்பேன்.

பொருந்தாவிட்டால்: எவ்வளவு குறைகிறது?

பெரும்பாலான வீடுகளில் பெருக்கிப் பார்த்து எண் பொருந்தவில்லை என்றால் "தப்பு, திரும்பப் போடு" என்பதோடு முடிந்துவிடுகிறது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்று கழித்துப் பார்த்தால், தவறு எந்த வரியில் நடந்தது என்பதை அந்த வித்தியாசமே காட்டிக்கொடுக்கும்.

953 ÷ 4 என்று ஒரு கணக்கு. பிள்ளை ஈவு 235, மீதி 3 என்று எழுதியிருக்கிறாள். மீதி 4ஐவிடச் சிறியது, சரி. பெருக்குவோம்: 235 × 4 = 940, கூட 3, மொத்தம் 943. இருக்கவேண்டியது 953. சரியாக 10 குறைகிறது.

10 என்பது ஒரு பத்து. அப்படியானால் பத்துகளைப் பங்கிட்ட வரியில் ஒரு பத்து தொலைந்திருக்கிறது. இப்போது அவள் போட்டதைப் பாருங்கள்:

```
4 ) 953 ( 235
    8
    ---
    15
    12
    ---
     23
     20
    ---
      3
```

9 நூறில் 4 இரண்டு தடவை போகும், 8 போக 1 மிச்சம். 5ஐ இறக்கினால் 15 பத்து. அதில் 4 மூன்று தடவை, 12. பதினைந்தில் பன்னிரண்டு போனால் 3. அவள் 2 என்று எழுதியிருக்கிறாள். அங்கேதான் ஒரு பத்து போயிற்று. அதற்குப் பிறகு போட்டதெல்லாம் அவள் வரையில் சரியாகவே போட்டிருக்கிறாள். 33ஐப் பங்கிட வேண்டிய இடத்தில் 23ஐப் பங்கிட்டிருக்கிறாள். சரியான விடை 238, மீதி 1.

வித்தியாசத்தின் கடைசியில் எத்தனை பூஜ்ஜியம் என்று பாருங்கள். பூஜ்ஜியமே இல்லாமல் 1, 2, 5 என்று சின்ன எண்ணாக இருந்தால் தவறு கடைசி வரியில், ஒன்றுகளைப் பங்கிட்ட இடத்தில். 10, 20, 30 என்றால் பத்துகளின் வரியில். 100, 200 என்றால் முதல் வரியில், நூறுகளில். குறைந்தால் ஏதோ தொலைந்திருக்கிறது: கழித்ததில் மிச்சத்தைக் குறைத்து எழுதியிருப்பாள், அல்லது பெருக்கியதில் கூட வைத்திருப்பாள். அதிகமானால் இதற்கு நேர்மாறு. ஒரே ஒரு தவறு இருந்தால் இது தப்பாமல் பலிக்கும். இரண்டு வரிகளில் தவறு இருந்தால் 22, 31 என்று கலந்து வரும், அப்போதும் பிரித்துப் பார்த்தால் புரியும்.

தெரிந்ததும் விடையைச் சொல்லிவிடாதீர்கள். "ஒரு பத்து எங்கயோ தொலைஞ்சிருக்கு, பத்து இருக்கற வரியைப் பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். முழுக் கணக்கையும் திரும்பப் போடச் சொல்லும்போது வரும் சிணுங்கல் இதற்கு வராது. பிள்ளைக்கு இது ஒளிந்து விளையாடுவது மாதிரிதான்.

வித்தியாசம் பூதம் மாதிரி வந்தால்

சில சமயம் குறைவது பத்தோ இருபதோ இல்லை, ஆயிரக்கணக்கில் போகும். 1824 ÷ 6 என்ற கணக்குக்கு 34 என்று விடை வந்திருக்கிறது. 34 × 6 = 204. 1824 எங்கே, 204 எங்கே! இப்படி வந்தால் கழித்துப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஈவின் நடுவில் ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போயிருக்கிறது.

18 நூறில் 6 மூன்று தடவை, மிச்சம் இல்லை. 2ஐ இறக்குகிறோம். 2 பத்தில் 6 போகாது. போகாது என்றால் ஈவில் 0 எழுதிவிட்டுத்தான் 4ஐ இறக்கவேண்டும். பிள்ளைகள் 'போகாது' என்றதும் ஒன்றும் எழுதாமல் அடுத்த எண்ணை இறக்கிவிடுவார்கள். 24ல் 6 நான்கு தடவை என்று 4 எழுதியதும் 34 ஆகிவிடும். சரியான விடை 304. 304 × 6 = 1824.

நான் படித்த காலத்தில் ஈவை வலப்பக்கத்தில் எழுதச் சொல்வார்கள். மேலே 953ஐக் காட்டியதும் அப்படித்தான். இப்போது மகள் பள்ளியில் வகுபடும் எண்ணின் தலைக்கு மேலே எழுதச் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் எழுதினாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் இந்தப் பூஜ்ஜிய விஷயத்தில் மேலே எழுதும் முறைதான் நல்லது. ஒவ்வொரு இலக்கமும் அதனதன் தலைக்கு மேலே உட்கார்வதால், 2க்கு மேலே காலியாக இருப்பது பளிச்சென்று தெரியும். வலப்பக்கம் எழுதினால் 3க்கும் 4க்கும் நடுவே ஓர் இடம் காலி என்று காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. உங்கள் பிள்ளைக்கு இந்தத் தவறு அடிக்கடி வந்தால் கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்து, கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுத வையுங்கள்.

கடைசியில் வரும் பூஜ்ஜியத்துக்கும் இதே கதி நேரும். 840 ÷ 7 போடும்போது 84 முடிந்ததும் மிச்சம் ஒன்றும் இல்லை என்று 12லேயே நிறுத்திவிடுவார்கள். 12 × 7 = 84. பெருக்கி வந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பூஜ்ஜியம் போட்டால் புத்தகத்து எண் வருகிறதே என்று தெரிந்ததும் அவர்களே ஈவில் பூஜ்ஜியத்தைச் சேர்த்துவிடுவார்கள்.

பெருக்கல் கணக்கை வகுத்துப் பார்ப்பது

இப்போது எதிர்த்திசை. 468 × 7 என்ற கணக்குக்கு விடை 3226 என்று இருக்கிறது. இதை 7ஆல் வகுத்தால் 468 வரவேண்டும், மீதி எதுவும் இருக்கக்கூடாது. வகுத்தால் 32ல் 7 நான்கு தடவை, 28 போக 4. 2ஐ இறக்கினால் 42, ஆறு தடவை, மிச்சம் இல்லை. 6ஐ இறக்கினால் 7 போகாது, ஈவில் 0. ஆக ஈவு 460, மீதி 6.

வரவேண்டியது 468, வந்தது 460, மீதி 6. இந்த 6ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எட்டேழு 56. அவள் 6ஐக் கீழே எழுதி 5ஐக் கையில் வைத்திருக்க வேண்டும். கீழே எழுதிய அந்த 6தான் இப்போது மீதியாக நிற்கிறது. கையில் வைத்த 5, அதாவது 50, அடுத்த பெருக்கலில் கூட்டப்படாமலே போய்விட்டது. ஆறேழு 42, அதோடு கையில் இருந்த 5, மொத்தம் 47 என்று வரவேண்டியதை 42 என்றே வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். சரியான விடை 3276. அதிலிருந்து 3226ஐக் கழித்தால் தொலைந்த 50 அப்படியே கிடைக்கும்.

கையில் வைத்த எண்ணை மறப்பது பெருக்கலில் சர்வசாதாரணம். அதை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வதைவிட, அடுத்த இலக்கத்தின் தலையில் பொடியாக எழுதி, கூட்டியதும் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கப்படாமல் ஏதாவது நின்றால் அதுதான் விட்டுப்போனது.

இரண்டு இலக்கப் பெருக்கல் வந்துவிட்டால் கொஞ்சம் வேலை அதிகம். 346 × 27 எடுத்துக்கொள்வோம். 346 × 7 = 2422 முதல் வரி. 346 × 20 = 6920 இரண்டாவது வரி. கூட்டினால் 9342. இதைச் சரிபார்க்க 27ஆல் வகுக்கவேண்டும். 93ல் 27 மூன்று தடவை, 81 போக 12. 4ஐ இறக்கினால் 124, நான்கு தடவை, 108 போக 16. 2ஐ இறக்கினால் 162, ஆறு தடவை, மிச்சம் இல்லை. 346 வந்துவிட்டது. இரண்டு எண்களில் சிறியதால்தான் வகுக்கவேண்டும். 346ஆல் வகுக்கச் சொன்னால் பெரியவர்களுக்கே வியர்க்கும்.

இரண்டாவது வரியில் பூஜ்ஜியம் போட (அல்லது ஓர் இடம் தள்ளி எழுத) மறந்தால் 6920க்குப் பதில் 692 என்றாகி, கூட்டுத்தொகை 3114 ஆகும். 27ஆல் வகுத்தால் ஈவு 115, மீதி 9. 346க்குப் பக்கத்தில்கூட இல்லை. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே 3114ஐ 346ஆல் வகுத்தால் மீதியே வராது, சரியாக 9 வரும். இரண்டும் ஏழும் ஒன்பது. பூஜ்ஜியம் போடாததால் 2 அதன் பத்து மதிப்பை இழந்து வெறும் 2 ஆகிவிட்டது. அவள் 346ஐ இருபத்தேழு தடவை எடுக்கவில்லை, இரண்டும் ஏழுமாக ஒன்பது தடவை எடுத்திருக்கிறாள். அதனால் மீதி பூஜ்ஜியம் வந்துவிட்டது என்று மட்டும் பார்த்துவிட்டு டிக் போடாதீர்கள். ஈவாக வந்த எண் கணக்கில் இருந்த மற்ற எண்தானா என்றும் பார்க்கவேண்டும்.

இலக்கங்களை எல்லாம் கூட்டிப் பார்த்துச் சரிபார்க்கும் பழைய வழி ஒன்று சில வீட்டுத் தாத்தாக்களுக்குத் தெரிந்திருக்கும். 9342க்கு 9+3+4+2 = 18, பிறகு 1+8 = 9. வேகமான வழிதான். ஆனால் 3114க்கும் 3+1+1+4 = 9. பிள்ளைகள் அதிகம் செய்யும் இந்தப் பூஜ்ஜியத் தவறு அதன் கண்ணில் படவே படாது. பூஜ்ஜியத்தைக் கூட்டினால் என்ன, கூட்டாவிட்டால் என்ன! இலக்கங்கள் இடம் மாறினாலும் அப்படித்தான். நேரமில்லாத நாளில் பெரியவர்கள் ஒரு கண்ணோட்டம் விடலாம், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நான் எடுக்கமாட்டேன்.

உங்கள் பிள்ளைக்கு இரண்டு இலக்க எண்ணால் வகுக்க இன்னும் சொல்லித்தரவில்லை என்றால் என்ன செய்வது? சரிபார்ப்பதற்காகப் புதுப்பாடம் நடத்தாதீர்கள். இரண்டு வரிகளையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். 2422ஐ 7ஆல் வகுத்தால் 346 வருகிறதா? 6920ல் கடைசிப் பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டு 692ஐ 2ஆல் வகுத்தால் 346 வருகிறதா? இரண்டும் வந்தால் மிச்சம் இருப்பது கூட்டல் மட்டும். 9342லிருந்து 2422ஐக் கழித்தால் 6920 வந்துவிட்டால் அதுவும் முடிந்தது. இதில் உள்ள வகுத்தல் எல்லாமே ஓர் இலக்கத்தால்தான்.

அந்த 88, மீதி 4

இனி முதல் நாள் கதைக்கு வருவோம். 598 ÷ 7க்கு 88, மீதி 4. அவள் பெருக்கிப் பார்த்துச் சரியாக வந்தது என்றாள். நோட்டிலும் அப்படித்தான் இருந்தது. நான் வாங்கிப் பெருக்கினேன்: 88 × 7 = 616. கூட 4, மொத்தம் 620. புத்தகத்து எண்ணைவிட 22 அதிகம். போன் 85 காட்டியதும் அப்போதுதான் மறுபடி ஞாபகம் வந்தது.

22 என்பது 20உம் 2உம். பத்துகளில் இரண்டு, ஒன்றுகளில் இரண்டு. இரண்டு வரியிலும் ஒரே அளவு தவறு, இரண்டு வரியிலும் ஈவு 8. அவளைக் கேட்டேன், "ஏழெட்டு எத்தனை?" கொஞ்சமும் யோசிக்காமல் "54" என்றாள்.

59ல் 7 எட்டு தடவை, 54 போக 5. 8ஐ இறக்கினால் 58. மறுபடி எட்டு தடவை, 54 போக 4. மீதி 4. நான் சொன்ன 4 வந்ததும் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. பிறகு பெருக்கிப் பார்த்தபோதும் அதே 54தான்: 4ஐ எழுதி 5 கையில், மறுபடி 54, கூட 5, 59. ஆக 594. அதோடு 4 சேர்த்தால் 598. போகும்போது இருந்த பிழையே திரும்பி வரும்போதும் இருந்ததால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. முதல் தடவை சரியாக 56 போட்டவள், தப்பு என்று நான் சொன்னதும் குழம்பி வாய்ப்பாட்டையே மாற்றிக்கொண்டாள்.

பெருக்கிப் பார்ப்பதன் பெரிய ஓட்டை இதுதான். கவனக்குறைவில் நடக்கும் தவறை அது பிடிக்கும். வாய்ப்பாட்டைத் தப்பாக மனப்பாடம் செய்திருந்தால் பிடிக்காது, ஏனென்றால் இரண்டு பக்கமும் அதே வாய்ப்பாடுதான். அதனால் பெருக்கும்போது வேறு வாய்ப்பாடு வழியாகப் போகவேண்டும். 88ஐ 7ஆல் பெருக்குவதற்குப் பதில் 5ஆல் ஒரு தடவை, 2ஆல் ஒரு தடவை பெருக்கிக் கூட்டினால்:

```
88 × 5 = 440
88 × 2 = 176
440 + 176 = 616
```

ஏழாம் வாய்ப்பாடு பக்கமே போகாமல் 616 வந்துவிட்டது. 6, 7, 8, 9 என்று பிள்ளைகள் தடுமாறும் வாய்ப்பாடுகள் எல்லாவற்றுக்கும் இது உதவும். 6 என்றால் 5உம் 1உம். 8 என்றால் இரண்டாக்கி, அதை இரண்டாக்கி, மறுபடி இரண்டாக்கவேண்டும். 9 என்றால் பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழிக்கவேண்டும். எல்லாக் கணக்குக்கும் இப்படிச் செய்யத் தேவையில்லை. வீட்டுப்பாடத்தில் ஒன்றிரண்டு கணக்குக்குச் செய்தால் வாய்ப்பாட்டுப் பிழை எங்கேயாவது ஒளிந்திருந்தால் வெளியே வந்துவிடும். இன்னொரு சுலபமான தடயமும் உண்டு: ஒரே இலக்கம் வரும் இடத்தில் எல்லாம் வித்தியாசம் ஒரே அளவில் வந்தால் அது வாய்ப்பாடுதான். அன்றைக்கு அந்த 22 என்னிடம் அதைத்தான் சொன்னது. ஏழெட்டு 56 என்று மட்டும் நாலு நாள் சாப்பிடும்போது கேட்டேன், சரியாகிவிட்டது. முழு வாய்ப்பாட்டையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை.

கதைக் கணக்கு

கதைபோல் கேட்கும் கணக்குகளில் பெருக்கிப் பார்த்தால் போதாது. 50 பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள், ஒரு வேனில் 6 பேர் உட்காரலாம், எத்தனை வேன் வேண்டும்? 50 ÷ 6 போட்டால் ஈவு 8, மீதி 2. பெருக்கினால் 48, கூட 2, மொத்தம் 50. கணக்கு சுத்தம். ஆனால் 8 வேன் என்று எழுதினால் இரண்டு பிள்ளைகள் பள்ளி வாசலிலேயே நிற்பார்கள். விடை 9. இதையே 50 ரூபாய்க்கு 6 ரூபாய்ப் பேனா எத்தனை வாங்கலாம் என்று கேட்டிருந்தால் 8தான் விடை, 2 ரூபாய் கையில் இருக்கும். இந்த மாதிரிக் கணக்கில் டிக் போடுவதற்கு முன்னால் நான் ஒன்று மட்டும் கேட்பேன்: "அந்த 2 யாரு?" மகள் வேன் கணக்கில் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "ரெண்டு பேருக்காக ஒரு முழு வேனாப்பா? மடியில உட்கார வச்சுக்கலாமே" என்றாள்.